5,000 கன்றா, 800 கன்றா, 200 கன்றா? மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் ஆறு லட்ச ரூபாய்க் கணக்கு

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. செம்மண் பூமி. சில இடங்களில் இரண்டடி தோண்டினாலே சரளையும் பாறையும் தட்டும். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து மரம் நடுவதற்காக ஆறு லட்ச ரூபாய் அனுப்பினார்கள். ஊர்ச் சாலை இரண்டு புறமும், கண்மாய்க் கரையின் வெளிச்சரிவுக்குக் கீழே உள்ள புறம்போக்கும், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரமும் நடுவதற்கென்று பேசி முடிவான இடங்கள். எத்தனை கன்று நடுவது என்பதில்தான் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. வரவு செலவு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததால், முன்வைக்கப்பட்ட மூன்று யோசனைகளையும் மூன்று ஆண்டுச் செலவாக விரித்து எழுதிப் பார்த்தேன். கீழே உள்ள விலைகள் எங்கள் பக்கத்தில் விசாரித்து எழுதியவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஆனால் கணக்கைப் போடும் முறை மாறாது.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு எங்கள் ஊருக்கு வந்து ஒரே நாளில் 1,000 கன்றுகளை நட்டது. ஜூன் மாதம், சுற்றுச்சூழல் தினம். படம் எடுத்தார்கள், பலகை வைத்தார்கள், போனார்கள். மூன்றாவது கோடை முடிந்ததும் நானும் என் சித்தப்பாவும் நடந்தே எண்ணினோம். 61 நின்றன. அந்த 61இல் பெரும்பாலானவை வீட்டு வாசல்களை ஒட்டி இருந்தவை. பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பெண்கள் நாள்தோறும் ஊற்றிக் காப்பாற்றியவை. யாருடைய கணக்கிலும் வராத அந்தத் தண்ணீர்தான் மரமாக நிற்கிறது. மற்ற 939 குழிகளில் இருந்தது செத்த குச்சியும் பிளாஸ்டிக் பையும். பையைக் கிழிக்காமலே நட்டிருந்த குழிகளையும் பார்த்தோம்.

ஜூன் மாதம் நட்டதே முதல் தவறு. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் மதுரைப் பக்கத்துக்கு அந்த மாதங்களில் வருவது காற்றுதான். ஆடிக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். இங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் நட்டால் மூன்று மாதம் வானம் தண்ணீர் விடும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை நாம்தான் விட வேண்டும். இந்த ஒன்பது மாதம் என்னும் எண்ணைத்தான் எல்லாத் திட்டங்களும் மறந்துவிடுகின்றன.

இனி யோசனைகளுக்கு வருகிறேன்.

முதல் யோசனை, 5,000 சிறு கன்றுகள். ஒன்றரை அடி உயரப் பைக் கன்று 15 ரூபாய், குழி 30, வண்டிக் கூலி 3, நடவுக் கூலி 12, தொழு உரம் 5. ஆக ஒரு கன்றுக்கு 65 ரூபாய். நடவு நாள் முடியும்போது 3,25,000 ரூபாய் செலவாகியிருக்கும். கையில் 2,75,000 இருக்கும். பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரிகிறது. தண்ணீர்க் கணக்கைப் போட்டபோதுதான் நிலைமை புரிந்தது.

செம்மண்ணில் முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் 15 லிட்டராவது வேண்டும். 6,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் ஒரு நடை வந்தால் 400 கன்றுக்குப் பாயும். தண்ணீர், டீசல், ஓட்டுநர், குழாய் பிடிக்கும் ஆள் எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 1,000 ரூபாய். 5,000 கன்றுக்கு 13 நடை, அதாவது வாரம் 13,000 ரூபாய். மிச்சமிருக்கும் 2,75,000 இருபத்தொரு வாரத்துக்கு வரும். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கினால், மே நான்காவது வாரத்தில் பணம் தீர்ந்துவிடும். அக்னி நட்சத்திரம் அப்போதும் முடிந்திருக்காது.

பணம் இருந்தாலும்கூட இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஒரு கன்றின் பாத்தியில் நின்று நிதானமாகத் தண்ணீர் விட்டு அடுத்ததற்கு நகர முக்கால் நிமிடம் ஆகும். 400 கன்றுக்கு ஐந்து மணி நேரம். டேங்கரை நிரப்பிக்கொண்டு வரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு டிராக்டர் ஒரு நாளில் இரண்டு நடைக்கு மேல் போக முடியாது. பதின்மூன்று நடைக்கு ஏழு நாள். ஞாயிற்றுக்கிழமையும் டிராக்டர் நிற்க முடியாது. உழவுக்கும் போக முடியாது. பழுதானால் அந்த வாரம் ஒரு பகுதி காய்ந்துபோகும். அவசரப்பட்டு ஓட்டிக்கொண்டே தண்ணீரைப் பீய்ச்சினால், 15 லிட்டர் என்று எழுதிய இடத்தில் நான்கு லிட்டர்தான் மண்ணுக்குள் போகும். மேல்மண் நனையும், அரை அடிக்குக் கீழே புழுதியாக இருக்கும். தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு கம்பியைப் பாத்தியில் குத்திப் பாருங்கள். ஓரடி எளிதாக இறங்கினால்தான் ஒழுங்காக விட்டிருக்கிறார்கள்.

கன்றை இலவசமாக வாங்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கிய பிறகு அரசு நாற்றங்கால்களில் கன்று கிடைப்பது எளிதாகியிருக்கிறது. அப்படிக் கிடைத்தால் 75,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் இன்னும் ஐந்து வாரத் தண்ணீர் விடலாம், அவ்வளவுதான். மே மாதம் நிற்க வேண்டிய டேங்கர் ஜூன் கடைசியில் நிற்கும். அதற்கடுத்து ஆடிக் காற்று. இந்தக் கணக்கில் வேலிக்கு ஒரு ரூபாய் இல்லை, கண்காணிப்புக்கு இல்லை, பட்டுப்போனதற்கு மாற்று நட இல்லை, இரண்டாவது கோடைக்கு எதுவுமே இல்லை.

இரண்டாவது யோசனை, 800 நடுத்தரக் கன்றுகள். மூன்றடிக்கு மேல் வளர்ந்து, தண்டு விரல் கனம் பிடித்தவை. கன்று 60 ரூபாய். இரண்டடிக்கு இரண்டடி குழி, அதில் கண்மாய் வண்டலும் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும், 60. வண்டி 12, இந்த உயரக் கன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது, ஒரு சிறிய லாரியில் 270 ஏற்றினால் அதிகம், ஆகவே மூன்று நடை. நடவும் தாங்கு குச்சியும் 28. சீமைக் கருவேல முள்ளை வெட்டி மூன்று மூங்கில் குச்சியைச் சுற்றிக் கட்டும் அடைப்பு 100. மொத்தம் ஒரு கன்றுக்கு 260. 800க்கு 2,08,000 ரூபாய்.

நடவுக்கு இவ்வளவு. இனி மூன்று ஆண்டு. முதல் ஆண்டு 38 வாரம், வாரம் இரண்டு நடை, 76 நடை. இரண்டாவது ஆண்டு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆனால் கன்றுக்கு 30 லிட்டர். அடிக்கடி கொஞ்சமாக விட்டால் வேர் மேலேயே படுத்துவிடும். இடைவெளி விட்டு நிறைய விட்டால் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். அதுவும் 76 நடைதான். மூன்றாவது ஆண்டு மார்ச் முதல் ஜூன் வரை எட்டு முறை, 32 நடை. ஆக 184 நடை, 1,84,000 ரூபாய். முதல் ஆண்டில் வாரத்தில் ஒரே ஒரு நாள் டிராக்டர் போதும் என்பதைக் கவனியுங்கள். மிச்ச நாள் அது அதன் சொந்தக்காரருடையது. பழுதானாலும் மறுநாள் விடலாம்.

வாரம் மூன்று முறை சுற்றி வந்து அடைப்பைச் சரிசெய்து, சாய்ந்ததை நிமிர்த்தி, பதிவேட்டில் எழுதும் ஊர்க்காரர் ஒருவருக்கு மாதம் 2,500 ரூபாய், 36 மாதத்துக்கு 90,000. மாற்று நடவுக்கு 26,400. களை எடுத்து வட்டப்பாத்தியைத் திருத்த ஆண்டுக்கு இரண்டு முறை, கன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் மூன்று ஆண்டுக்கு 48,000. ஐப்பசி மழை பொய்த்தால் அந்தப் பன்னிரண்டு வாரமும் தண்ணீர் விட 24,000 தனியாக வைக்க வேண்டும். எங்கள் பக்கம் மழை பொய்ப்பது புதிதல்ல. மிஞ்சும் 19,600 அடைப்பைப் புதுப்பிக்க. முள் ஓராண்டில் மட்கிவிடும், சிலர் விறகுக்கும் எடுத்துப்போவார்கள். இத்துடன் ஆறு லட்சம் தீர்ந்தது.

இதில் கன்று வாங்க ஆகும் செலவு 48,000. அதாவது நூறு ரூபாயில் எட்டு ரூபாய். நடவு நாள் முடியும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் செலவாகியிருக்கும். மிச்சம் எல்லாம் படம் எடுக்க யாரும் வராத நாட்களுக்கானது.

மூன்றாவது யோசனை, 200 பெரிய கன்றுகள். எட்டடிக்கு மேல் வளர்ந்தது 350 ரூபாய், இரும்புக் கூண்டு 1,200, குழி 150, வண்டி 60, நடவு 40. ஒன்றுக்கு 1,800, மொத்தம் 3,60,000. தண்ணீர் கன்றுக்கு 30 லிட்டர் வீதம் வாரம் ஒரே நடை. பின்னாளில் இடைவெளியும் அளவும் கூடும். மூன்று ஆண்டுக்கு 92 நடை, 92,000. கண்காணிப்பு மாதம் 1,500 வீதம் 54,000. மாற்று நடவு 12,000. மீதி 82,000 மழை பொய்த்தால் தண்ணீருக்கும், களைக்கும், கூண்டுப் பழுதுக்கும். ஆடு மாட்டிடமிருந்து முழுப் பாதுகாப்பு, நட்ட அன்றே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அழகு, இரண்டும் உண்மையான நன்மைகள். ஆனால் பெரிய கன்று பையில் அதிக நாள் இருந்தது. பைக்குள் வேர் சுருண்டிருந்தால் மண்ணில் வைத்த பிறகும் சுருண்டபடியே தடித்து, ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு காற்றில் மரம் சாயும். வாங்கும்போது ஒன்றிரண்டு பைகளைக் கிழித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கூண்டையும் உரிய காலத்தில் கழற்ற வேண்டும்; மறந்துவிட்டால் வளையம் பட்டையை இறுக்கி மரத்தையே கொல்லும்.

மூன்றையும் எதைக் கொண்டு ஒப்பிடுவது? நட்ட கன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் முதல் யோசனை 120 ரூபாய், இரண்டாவது 750, மூன்றாவது 3,000. இப்படிப் பார்த்துத்தான் ஊரில் பாதிப் பேர் முதலாவதன் பக்கம் நின்றார்கள். நான் கேட்டது மூன்றாவது கோடை முடிந்தபின் உயிரோடு நிற்கும் மரத்துக்கு எவ்வளவு என்று. இரண்டாவதில் மாற்று நடவும் சேர்த்து நூற்றுக்கு 85 நிற்கும் என்று வைத்தேன். 680 மரம், மரத்துக்கு 882 ரூபாய். மூன்றாவதில் நூற்றுக்கு 90 என்றால் 180 மரம், மரத்துக்கு 3,333.

முதலாவதை நேர்மையாக எடைபோட வேண்டும் என்று விரும்பினேன். அங்கே எத்தனை பிழைக்கும் என்று நானாக ஓர் எண்ணைச் சொன்னால் அது வேண்டுமென்றே குறைத்ததாகப் படும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இரண்டாவது யோசனையின் 680 மரத்துக்குச் சமமாக வர, 5,000இல் நூற்றுக்கு எத்தனை பிழைக்க வேண்டும்? 14. கேட்பதற்குச் சிறிய எண். முதல் யோசனைக்காரர்கள் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்கள். 14கூடவா பிழைக்காது?

அப்போது சித்தப்பா எழுந்து, "நாம் எண்ணியது நூற்றுக்கு ஆறு, தம்பி. அந்த ஆறும் வாசல் தண்ணீரில் நின்றது. 5,000 கன்றுக்கு 5,000 வாசல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நூற்றுக்கு ஆறு என்றால் 300 மரம், மரத்துக்கு 2,000 ரூபாய். அடைப்பு இல்லாத ஒன்றரை அடிக் கன்று ஆட்டின் வாய்க்கு நேராக இருக்கிறது என்பதையும், எங்கள் ஊரில் ஆடு இல்லாத தெரு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் நான் சொன்னேன். அப்படித் தப்பிக்கும் 300உம் நமக்கு வேண்டிய இடத்தில் இருக்காது. பள்ளத்தில் ஈரம் தங்கும் ஓரத்தில் கூட்டமாகவும், சாலையோரத்தில் எங்கோ ஒன்றாகவும் நிற்கும். நாவலும் மகிழமும் போய், ஆடு அதிகம் தொடாத புங்கன்தான் மிஞ்சும்.

முதல் யோசனை எங்குமே பொருந்தாது என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றுச்சுவரும் ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் உள்ள தோப்பில் சிறு கன்றே நல்லது; வேர் சுருளாமல் இருக்கும், விரைவில் பெரிய கன்றை எட்டிப் பிடிக்கும். எங்களிடம் இருப்பது வேலியில்லாத புறம்போக்கு.

மாற்று நடவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒதுக்கும் பணம்தான் பெரும்பாலும் வீணாகிறது. நாங்கள் முதல் ஆண்டு 160, இரண்டாவது ஆண்டு 60 என்று 220 கன்றுக்குக் கணக்கு வைத்தோம். குழி ஏற்கெனவே இருக்கிறது, அடைப்பும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஒன்றுக்கு 120 ரூபாய் போதும். ஆனால் எப்போது நடுவது? ஏப்ரலில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்பதைப் பார்த்துப் பலர் உடனே பிடுங்கிவிடுகிறார்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் சுரண்டினால் பச்சை தெரியலாம். வேம்பும் புங்கனும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் எண்ணிக்கை மே கடைசியில், தீர்ப்பு செப்டம்பரில், மாற்று நடவு அக்டோபரில். கோடையில் போன இடத்தில் கோடையிலேயே நட்டால் இரண்டாவது கன்றும் போகும்.

மாற்றுக் கன்றை அன்றைக்குப் போய் வாங்குவதிலும் ஒரு குறை இருக்கிறது. ஓராண்டு வளர்ந்த வரிசையில் புதிய கன்று குட்டையாக நிற்கும், பார்ப்பவர் கவனம் அதன்மேல் போகாது. வண்டி வரும் நாளில் கூடுதலாகக் கொஞ்சம் கன்று எடுத்து, பள்ளிக்கூடக் கிணற்றடி நிழலில் பெரிய பைக்கு மாற்றி வளர்த்து வைத்தால், அடுத்த அக்டோபரில் வரிசையோடு ஒத்துப்போகும்.

பதிவேட்டில் போனது எத்தனை என்று மட்டும் எழுதினால் பயனில்லை, ஏன் போனது என்றும் எழுத வேண்டும். நுனி நறுக்கியதுபோல் இருந்தால் ஆடு. இலை காய்ந்தும் உதிராமல் கொம்பிலேயே தொங்கினால் தண்ணீர் திடீரென்று நின்றுபோயிருக்கிறது. தரையை ஒட்டிய பட்டை அரித்து, இழுத்ததும் கையோடு வந்தால் கறையான். செம்மண்ணில் இது சாதாரணம், வேப்பம் புண்ணாக்கை அதற்குத்தான் குழியில் போடுகிறோம். இலை மஞ்சளாகி அடி அழுகியிருந்தால் பள்ளத்தில் நீர் தேங்கியிருக்கிறது, அங்கே மாற்று நடவுக்கு நீர்மருது வைக்கலாம். ஒரே குழியில் இரண்டு முறை போனால் கீழே பாறை என்று பொருள். மூன்றாவது கன்றை அங்கே வைக்காமல் இடத்தை மாற்ற வேண்டும். எண்ணுகிறவரும் பராமரிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதும் எங்கள் முடிவு. பராமரிப்பவரை நம்பாததால் அல்ல. போனதை எழுதினால் தன் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு வரக் கூடாது என்பதால்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்தது. பஸ் நிறுத்தத்திலும் சந்தைத் திடலிலும் மாடு கட்டுகிறார்கள், சைக்கிள் சாய்க்கிறார்கள். முள் அடைப்பு ஒரு வாரம் நிற்காது. அங்கே 20 பெரிய கன்றுகளைக் கூண்டோடு வைக்கிறோம். முழுச் செலவையும் சேர்த்து ஒன்றுக்கு 3,000 வீதம் 60,000. மீதி 5,40,000 ரூபாயில் 750 வீதம் 720 நடுத்தரக் கன்றுகள்: சாலையில் வேம்பும் புங்கனும் இலுப்பையும், மின்கம்பிக்குக் கீழே உயரம் போகாத பூவரசு, மைதானத்து ஓரம் நாவலும் மகிழமும். கண்மாய்க் கரைமேல் மரக்கன்று வைக்கவில்லை. மரத்தின் வேர் கரைக்குள் ஓடி, பின்னாளில் மட்கினால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். கரை ஓரத்துக்குப் பனங்கொட்டை மட்டும். ஆவணியில் ஊர்ப் பனைகளின் அடியில் விழுந்த பழத்தைப் பொறுக்கி, மழைக்கு முன் ஓரடி ஆழத்தில் புதைப்பது. அதற்குத் தண்ணீர்ச் செலவும் இல்லை, வேலிச் செலவும் இல்லை. காத்திருக்கும் பொறுமை மட்டும் பல ஆண்டுக்கு வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு ஏற்பாடு செய்தோம். நடவுக்கான தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது மூன்றாவது ஆண்டுத் தொகையை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிட்டோம். கையில் இருந்தால் "இன்னும் நூறு கன்று நடலாமே" என்று யாராவது ஆசையோடு கேட்பார்கள், மறுப்பது கடினம்.

நாற்றங்காலுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு டிராக்டர் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனோம். "அண்ணே, சித்திரை வைகாசியில் வாரம் ஒரு நாள் உறுதியாக வர முடியுமா? உங்கள் கிணறு அப்போது இரண்டு நடை தாங்குமா?" என்று கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, வைகாசியில் தன் கிணறு ஒரு நடைதான் தாங்கும், இன்னொரு நடைக்குத் தெற்குத் தெருக் கிணற்றையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தெற்குத் தெருவில் பேசி, அவர்களும் சம்மதித்த பிறகுதான் 720 என்ற எண்ணைப் பதிவேட்டில் மையால் எழுதினேன். குழி வெட்டும் வேலை ஆவணியில் தொடங்குகிறது.